அறிவிப்பு: ஜனவரி 21, புதன்கிழமை தண்ணீர்த் தொட்டிகள் சுத்தம், ஒரு நாள் தண்ணீர் நிறுத்தம்

மடிப்பாக்கம்
12.01.2026

ஏ, பி பிளாக்குகளின் 42 வீட்டாருக்கும் வணக்கம்.

வரும் 21.01.2026 புதன்கிழமை காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை இரண்டு பிளாக்கிலும் எந்தக் குழாயிலும் தண்ணீர் வராது, சமையலறைக் குழாயில் மட்டும் வியாழன் காலையில்தான் வரும். கீழே உள்ள இரண்டு சம்ப்புகளையும், மொட்டை மாடியிலுள்ள நான்கு தொட்டிகளையும் அன்று ஒரே நாளில் கழுவப் போகிறோம். தண்ணீர் திரும்ப வந்த பிறகும், வியாழக்கிழமை காலை நாங்கள் சொல்லும் வரை அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு, கீழே "செவ்வாய்க்கிழமை இரவு" என்று தொடங்கும் பத்தியிலிருந்து படித்தால் போதும். "எதற்கு ஒரு நாள் முழுக்க?" என்று கேட்பவர்களுக்காக நடுவில் உள்ளவை.

டிசம்பர் முதல் வாரத்தில் பி பிளாக் நாலாவது மாடியிலிருந்து புகார் வந்தது. வாஷ்பேசின் குழாயில் கறுப்புத் துகள், வாயிலுள்ள வலை வாரம் ஒரு முறை அடைத்துக்கொள்கிறது. அடுத்த வாரம் ஏ பிளாக்கில் இரண்டு வீடுகள், காலையில் முதலில் வரும் தண்ணீரில் சேற்று வாடை அடிக்கிறது என்றார்கள். பிளம்பரோடு நானும் பொருளாளரும் மேலே ஏறித் தொட்டியைத் திறந்து பார்த்தோம். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல், சுவரைத் தொட்டால் வழுவழுவென்று பாசி. இரண்டு தொட்டிகளில் உபரி நீர் வெளியேறும் குழாயின் வலையே இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும்.

பெரிய சம்ப் இன்னும் மோசம். மூடியின் ரப்பர் விளிம்பு வெடித்திருக்கிறது. கார்த்திகை மழையில் பார்க்கிங்கில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதே, அதில் ஒரு பங்கு அந்த வெடிப்பு வழியாக உள்ளே போயிருக்கிறது. காரின் டயர் கழுவிய தண்ணீரும் அதில் சேர்த்திதான். உள்ளே வேறு என்னவெல்லாம் மிதந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம், பார்த்த இருவரும் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

மெட்ரோ வாட்டர் இணைப்பில் வரும் தண்ணீரை குளோரின் பார்க்கும் பட்டையில் சோதித்தபோது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவுக்கு நிறம் காட்டியது. அதே தண்ணீர் சின்ன சம்ப்பில் விழுந்து, மேலேறி, சமையலறைக் குழாய்க்கு வரும்போது பட்டை நிறமே மாறவில்லை. குடிநீரில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வழியிலுள்ள வண்டலும் பாசியும் அந்தக் குளோரினைத் தின்றுவிடுகின்றன. நல்ல தண்ணீரை வாங்கி நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

"எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது" என்று சிலர் சொன்னார்கள். சரி, குடிக்கும் தண்ணீருக்கு அது போதும். பல் தேய்ப்பதும், காய்கறி அலம்புவதும், குழந்தையைக் குளிப்பாட்டுவதும் ஆர்.ஓ. தண்ணீரில் இல்லையே. அந்த மெஷினின் முதல் ஃபில்டர் இப்போது எத்தனை நாளில் கறுத்துப்போகிறது என்று ஒரு முறை திறந்து பாருங்கள்.

இனி, ஏன் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்கிறோம் என்பது. 2023-இல் "யாருக்கும் சிரமம் வேண்டாம்" என்று மேல் தொட்டிகளை மட்டும், வாரத்துக்கு ஒரு பிளாக் என்று கழுவினோம். கமிட்டியில் அதை வற்புறுத்தியவன் நான்தான். மூன்றே வாரத்தில் பழைய கதை திரும்பியது. சம்ப்பின் அடி வண்டலை மோட்டார் மறுபடி மேலே ஏற்றிவிட்டது, கொடுத்த காசு அதோடு போயிற்று. கீழே சுத்தமாகாமல் மேலே கழுவுவது, கலங்கிய குட்டையில் துணியை அலசுவது போலத்தான்.

நேரம் பிடிப்பதும் இதே காரணத்தால்தான். மேலே ஒரு குழு வண்டலை அள்ளித் தேய்க்கும்போதே கீழே இன்னொரு குழு சம்ப்பில் வேலை பார்க்கும். ஆனால் மேல் தொட்டிகளைக் கடைசியாக அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், அது சுத்தமான சம்ப்பிலிருந்துதான் வர வேண்டும். பெரிய சம்ப் 40,000 லிட்டர். அதை வடித்து, சேறு அள்ளி, பிரஷர் பம்ப்பில் கழுவி, சுவருக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி அலசுவதற்குள் மதியம் மூன்றைத் தாண்டிவிடும். நான்கு மணிக்கு 12,000 லிட்டர் லாரிகள் மூன்று வருகின்றன. சின்ன சம்ப்புக்கு அன்று இரவு வழக்கமான மெட்ரோ வாட்டர் முறை இருக்கிறது. லாரித் தண்ணீரில் மேல் தொட்டிகளை அலசி, பாதியாவது நிரப்பிய பிறகே வால்வைத் திறப்போம். நம் மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது சுமார் 9,000 லிட்டர்தான். இரவு 8 மணி என்பது இந்தக் கணக்கு. சமையலறைக் குழாயில் மட்டும் மெட்ரோ வாட்டர் வியாழன் காலையில்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமே என்று ஐந்தாறு பேர் கேட்டார்கள். ஞாயிறன்று எல்லோரும் வீட்டில், வாரத் துணி மொத்தமும் மெஷினில், எண்ணெய்க் குளியல் வேறு. வாரத்திலேயே அதிகத் தண்ணீர் ஓடும் நாள் அது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி, தை அமாவாசையும் முடிந்து, ஆபீஸும் பள்ளியும் நடக்கும் ஒரு புதன் என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறோம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குச் சிரமம்தான், மன்னிக்கவும்.

செவ்வாய்க்கிழமை இரவு 10 மணிக்கு மோட்டாரை நிறுத்திவிடுவோம். தொட்டியில் இருப்பது புழக்கத்திலேயே வடிந்தால் வீணாவது குறையும். ஆகவே பிடித்துவைக்க வேண்டியதை செவ்வாய் மாலை 6 முதல் 10 மணிக்குள் பிடித்துவிடுங்கள். புதன் காலை ஆறரைக்கு 42 வீடும் ஒன்றாகத் திறந்தால் மேல்மாடிக்காரர்களுக்குச் சொட்டுதான் வரும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு பெரிய டிரம்மும் நான்கைந்து வாளியும், அதாவது 120 லிட்டர் வரை போதும். டாய்லெட்டுக்குத்தான் பெரும்பகுதி போகும், ஃபிளஷ் அழுத்தாமல் வாளியால் ஊற்றினால் பாதி மிச்சம். அதற்கு மேல் பிடித்துப் பதுக்கினால் பக்கத்து வீட்டுக்குத்தான் குறையும். குடிக்கக் கேன் வாங்குபவர்கள் கேன்காரரிடம் ஒரு நாள் முன்பே சொல்லிவையுங்கள். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடமும் சொல்லிவிடுங்கள், பாவம், வந்து திரும்ப வேண்டாம்.

கெய்சர், ஆர்.ஓ., வாஷிங் மெஷின் மூன்றையும் புதன் காலை 7 மணிக்குள் அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் கெய்சர் ஓடினால் அதன் ஹீட்டிங் காயில் கருகிவிடும். எல்லாக் குழாய்களையும் மூடியே வைக்கவும். போன முறை ஒரு வீட்டில் திறந்து பார்த்து, தண்ணீர் வரவில்லை என்று அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்கள். சாயங்காலம் தண்ணீர் வந்தது, அவர்கள் வரவில்லை. ஹால் சோஃபாவும் கீழ்வீட்டுக் கூரையும் நனைந்ததுதான் மிச்சம். அன்று வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுக்குள் வரும் கேட் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

கைக்குழந்தை, முதியவர்கள், படுக்கையில் உள்ள நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்காக இரண்டு பிளாக்கின் கீழ்த்தளத்திலும் குழாய் வைத்த 500 லிட்டர் டிரம் ஒன்று இருக்கும். இன்டர்காமில் 9 அழுத்தினால் செக்யூரிட்டி வாளியில் கொண்டுவந்து தருவார். மற்றவர்கள் முடிந்தவரை அதில் கைவைக்க வேண்டாம்.

சம்ப் மூடிகள் இருப்பது ஏ பிளாக் பார்க்கிங் 7 முதல் 12 வரையுள்ள இடத்தில். அந்த ஆறு வண்டிகளையும் செவ்வாய் இரவே விருந்தினர் பார்க்கிங்குக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம், திறந்த சம்ப் விளையாட்டுக் காரியம் இல்லை. மூடிக் கிடந்த சம்ப்பில் காற்று கெட்டிருக்கும், சட்டென்று இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மூன்று பேரிடம் விலை கேட்டோம். குறைந்த விலை சொன்னவர் "அதெல்லாம் பழகினதுதான் சார்" என்று கயிறு, பிளோயர் எதுவும் இல்லாமல் ஆளை இறக்கத் தயாராக இருந்தார். அவரை வேண்டாம் என்றோம். இப்போது ஒப்புக்கொண்டவர்கள் மூடியைத் திறந்துவைத்து, பிளோயரில் காற்று செலுத்தி, வாயு மீட்டரில் பார்த்த பிறகே பெல்ட் கட்டிய ஆளை இறக்குவார்கள். மேலே ஒருவர் கயிற்றோடு நின்றுகொண்டே இருப்பார். டீசல் பம்ப் சம்ப்புக்குள் இறங்காது. ஆசிட்டும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம், பிளீச்சிங் பவுடரோடு அது கலந்தால் கிளம்புவது விஷவாயு.

மொத்தச் செலவு 18,500 ரூபாய். புது ரப்பர் விளிம்பு, உபரிக் குழாய்களுக்கு வலை எல்லாம் இதில் அடக்கம், லாரிக்குத் தனி. இரண்டுமே பராமரிப்பு நிதியிலிருந்துதான், தனியாக யாரிடமும் வசூல் இல்லை. பிளீச்சிங் கலந்த கழிவுநீர் மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குள் போகாதபடி அதன் வாயை அன்று அடைத்துவைப்போம். தீயணைப்புத் தொட்டி தனி, அதைத் தொடவில்லை.

இரவு தண்ணீர் வந்ததும் முதலில் குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடியுங்கள். காற்று அடித்துக்கொண்டு, கொஞ்சம் கலங்கலாக வரும், குளோரின் வாடையும் இருக்கும். அந்த வாளியை டாய்லெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தெளிந்த பிறகு குளிக்க, துவைக்கத் தடையில்லை. ஆர்.ஓ. மெஷினை மட்டும் போட வேண்டாம், அதிகக் குளோரின் உள்ளே இருக்கும் மெம்பிரேனைக் கெடுக்கும். வியாழன் காலை 6 மணிக்கு இரண்டு பிளாக்கிலும் மேல்மாடி, கீழ்மாடிக் குழாய்களில் பட்டை வைத்துப் பார்த்து, வாட்ஸ்அப் குழுவிலும் லிஃப்ட் பக்கத்துப் பலகையிலும் முடிவைப் போடுவோம். அதன் பிறகு குடிக்கலாம், சமைக்கலாம்.

மழையோ லாரித் தட்டுப்பாடோ வந்து தேதி மாறினால் செவ்வாய் மாலை 5 மணிக்குள், நீங்கள் டிரம்மை நிரப்பத் தொடங்கும் முன்பே, தெரிவித்துவிடுவோம். கழுவும் முன்னும் பின்னும் தொட்டிகளைப் பார்க்க விரும்புபவர்கள் காலை 8 மணிக்கோ மாலை 5 மணிக்கோ மொட்டை மாடிக்கு வரலாம். நாலாவது மாடிக்காரர்கள் அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
குடியிருப்போர் சங்கம், ஏ மற்றும் பி பிளாக்