அக்கா, ஒரு சின்ன அறிமுகம் வேண்டும்

அக்கா, நலமா? உங்கள் பழைய மேலாளர் குழந்தைகளுக்கு ஆடியோ கதைகள் தயாரிக்கிறார் என்று உங்கள் ஸ்டேட்டஸில் பார்த்தேன். அவரிடம் என்னை அறிமுகப்படுத்த முடியுமா? வாய்ப்பு கேட்கப் போவதில்லை. குரல்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று போனில் 15 நிமிடம் கேட்டால் போதும்.

நீங்கள் உட்கார்ந்து எழுத வேண்டாம், இதை அப்படியே ஃபார்வர்டு செய்தால் சரி:

"வணக்கம் சார். என்னோடு 3 வருடம் வேலை பார்த்த தம்பி, இப்போது பகுதி நேரமாகக் குரல் கொடுக்கிறான். குரல் தேர்வு பற்றி உங்களிடம் 15 நிமிடம் பேச ஆசைப்படுகிறான். 1 நிமிட மாதிரி இணைப்பில் இருக்கிறது. சம்மதம் என்றால் அவன் எண்ணைத் தருகிறேன்."

மாதிரி, நீங்கள் கேட்டுச் சிரித்தீர்களே, நடுவில் இருமிய அந்தப் பதிவு இல்லை; புதிதாகப் பேசியது. அவரிடம் இப்போது கேட்கச் சங்கடம் என்றால் 'வேண்டாம்டா' என்று ஒரு வார்த்தை போதும், காரணம் கேட்க மாட்டேன்.