காய்ச்சலால் தவறிப்போன ஆக்சாலிக் அமிலச் செய்முறையைச் செய்ய அனுமதி கேட்டு

24.11.2025
திருநெல்வேலி

மதிப்பிற்குரிய வேதியியல் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். 12ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு செல்வி எழுதுகிறேன். நவம்பர் 11 முதல் 21 வரை டெங்கு காய்ச்சலால் நான் பள்ளிக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அம்மா அப்போதே வகுப்பு ஆசிரியைக்கு போன் செய்து சொல்லிவிட்டார். இன்றுதான் திரும்பி வந்திருக்கிறேன். 13ஆம் தேதி வியாழக்கிழமை லேபில் நடந்த ஆக்சாலிக் அமில டைட்ரேஷனை நான் செய்யவில்லை, அதை நானே செய்து முடிக்க ஒரு நாள் ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். டாக்டர் கொடுத்த மெடிக்கல் சர்டிபிகேட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டின் ஜெராக்ஸையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது சார். நான் வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் பிளேட்லெட் குறையும், அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுப்பவில்லை, டிரிப்ஸ் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். இப்போது ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. கால் மட்டும் கொஞ்சம் ஓய்ந்து வருகிறது, அதனால் ரொம்ப நேரம் தொடர்ந்து நிற்க வேண்டாம் என்றார்கள். பி.இ.டி. பீரியடுக்கு மட்டும் போகாமல் இருக்கிறேன், மற்ற வகுப்புகளுக்கு எல்லாம் போகிறேன்.

சார், என் பெஞ்சில் இருப்பவர்கள் தங்கள் அப்சர்வேஷன் நோட்டைத் தந்து, ரீடிங்கைப் பார்த்து எழுதிக்கொள், ரெக்கார்ட் முடிந்துவிடும் என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நான் செய்யாத டைட்ரேஷனுக்கு இன்னொருவர் பார்த்த ப்யூரெட் ரீடிங்கை என் பெயரில் எழுதி உங்கள் கையெழுத்துக்கு நீட்ட எனக்கு மனது வரவில்லை. அப்புறம் பிப்ரவரியில் பொதுத் தேர்வு செய்முறைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் இதே கணக்கு எனக்கு விழுந்தால், எழுதி வைத்த ரீடிங் அங்கே உதவப்போவதில்லை, கை பழகியிருந்தால்தான் உண்டு.

மற்ற டைட்ரேஷன் என்றால் இவ்வளவு வற்புறுத்திக் கேட்டிருக்க மாட்டேன். பெரஸ் சல்பேட் கணக்கை அக்டோபரிலேயே செய்து உங்களிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அது குளிர்ந்த நிலையில் செய்வது, சூடாக்கினால் இரும்பு காற்றிலேயே ஆக்ஸிஜனேற்றமாகி மதிப்பு மாறிவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. ஆக்சாலிக் அமிலம் அதற்கு நேர் எதிர். 20 மில்லி பிப்பெட் செய்து, அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பெர்மாங்கனேட்டை விட வேண்டும். கொதிக்கவும் விடக்கூடாது, ஆறவும் விடக்கூடாது. லேபில் ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டர் போட்டுப் பார்ப்பதில்லை, குடுவையின் கழுத்தைத் தொட்டு, கை தாங்காத சூடு வந்ததும் இறக்குகிறோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தச் சூடு எவ்வளவு என்பது தொட்டுப் பார்த்தால்தானே சார் தெரியும்?

அதேபோல முதல் சில சொட்டுகள். நிறம் உடனே போகாமல் கொஞ்ச நேரம் ஊதாவாகவே நிற்கும், Mn²⁺ உண்டான பிறகு அதுவே வினையூக்கியாகி வேகம் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். காரணம் தெரிகிறது, ஆனால் அந்த நேரத்தில் எவ்வளவு பொறுத்திருப்பது, எப்போது அடுத்த சொட்டை விடுவது என்பது புத்தகத்தைப் பார்த்து வருகிற பழக்கம் இல்லை. அவசரப்பட்டு விட்டாலோ அமிலம் குறைந்தாலோ பழுப்பு நிறத்தில் MnO₂ கலங்கி அந்தக் குடுவையே வீணாகிவிடும். எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு அப்படி ஆகி, மறுபடி பிப்பெட் செய்தார்களாம். எனக்கும் ஆனால் ஆகட்டும், அது தேர்வில் ஆகாமல் இப்போதே உங்கள் முன்னால் ஆகட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

செய்முறையை முழுவதும் படித்துவிட்டேன் சார். FAS திட்டக் கரைசலை வைத்துப் பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி, அதை வைத்து ஆக்சாலிக் அமிலத்தின் நார்மாலிட்டி, பிறகு சமான நிறை 63ஆல் பெருக்கி நிறை காண்பது வரை கணக்கு போட்டுப் பார்த்திருக்கிறேன். HCl ஏன் கூடாது, நைட்ரிக் அமிலம் ஏன் கூடாது, பெர்மாங்கனேட்டுக்கு மட்டும் ஏன் மேல் மட்டத்தைப் பார்த்து ரீடிங் எடுக்கிறோம் என்று வைவா கேள்விகளையும் நீங்கள் கேட்கலாம், பதில் சொல்கிறேன். ரெக்கார்டில் நோக்கம், தத்துவம், செய்முறை எழுதிவிட்டேன். அட்டவணையில் ரீடிங் கட்டங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

எந்த நாள் என்பது உங்கள் வசதிதான். லேப் அண்ணனிடம் விசாரித்தேன், வியாழன் 27ஆம் தேதி கடைசி பீரியட் லேப் காலியாக இருக்கிறது, பள்ளி விட்ட பிறகும் பூட்ட நேரமாகும், நீங்கள் சரி என்றால் அவரும் கூட இருப்பதாகச் சொன்னார். அந்த பீரியட் எங்களுக்குத் தமிழ், அம்மாவிடம் (தமிழ் ஆசிரியையிடம்) கேட்டுவிட்டேன், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அனுப்புவதாகச் சொன்னார். அது முடியாவிட்டால் 29ஆம் தேதி சனிக்கிழமை காலை வருகிறேன். நேரமானாலும் அப்பா வண்டியில் வந்து கூட்டிப்போவார், பஸ்ஸைப் பற்றிக் கவலையில்லை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டால் லேபில் இடம் கிடைக்காது, அதற்காகத்தான் இந்த வாரமே கேட்கிறேன்.

இன்னொன்று சார். FAS கரைசல் அன்றைக்குச் செய்தது இப்போது பயன்படாது, புதிதாகத்தான் தயாரிக்க வேண்டும் என்று லேப் அண்ணன் சொன்னார். ஒருத்திக்காக அதைச் செய்யச் சொல்வது எனக்கே சங்கடமாக இருந்தது. 'அ' பிரிவிலும் ஒரு மாணவன் அன்று வரவில்லையாம், இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டால் ஒரே கரைசல் போதும். எடை போட, கரைக்க, முடிந்த பிறகு ப்யூரெட், பிப்பெட் எல்லாம் கழுவி வைக்க நான் நிற்கிறேன். நடுவில் கால் வலித்தால் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ள மட்டும் அனுமதி வேண்டும், டைட்ரேட் செய்யும்போது நின்றுதான் செய்வேன்.

நாளை மதிய இடைவேளையில் ரெக்கார்டோடு ஸ்டாஃப் ரூமுக்கு வருகிறேன். எந்த நாள் என்று அப்போது சொன்னால் போதும் சார்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
செல்வி
12 'ஆ'

இணைப்பு: மெடிக்கல் சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சீட்டு ஜெராக்ஸ்