வரி நிலுவையை மாதத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு

கிருஷ்ணா நெல் ஆலை,
முல்லைத்தீவு வீதி, முரசுமோட்டை,
கிளிநொச்சி மாவட்டம்.
23.02.2026

ஆணையாளர் அவர்கட்கு,
உள்நாட்டு இறைவரித் திணைக்களம்,
பிராந்திய அலுவலகம், யாழ்ப்பாணம்.

2024/25 வரிமதிப்பாண்டு வருமான வரி நிலுவை ரூபா 420,750: தவணை முறையில் செலுத்த அனுமதி வேண்டல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

இந்த மாதம் 6ஆந் திகதியிட்ட உங்கள் அறிவித்தல் கிடைத்தது. அதில் உள்ள கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. வரி 330,000, தண்டப்பணம் 66,000, பெப்ரவரி முடியும்வரை வட்டி 24,750, எல்லாம் சேர்த்து 420,750. இதை ஒரே தடவையில் கட்ட இப்போது என்னிடம் காசு இல்லை, 12 மாதத்தில் கட்டி முடிக்க விடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சொல்லால் மட்டும் கேட்கக்கூடாது என்பதற்காக, போன வெள்ளிக்கிழமை 40,750 ரூபாவை வங்கியில் கட்டிவிட்டேன், பற்றுச்சீட்டுப் பிரதி இதோடு இருக்கிறது. ஆக, நான் தவணை கேட்பது மிச்சம் 380,000 ரூபாவுக்கு.

ஏன் இப்படி ஆனது என்பதைச் சொல்லாமல் கேட்டால் சாட்டுச் சொல்வது போலத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

நான் நெல் வாங்கி, குற்றி, அரிசியாக விற்பவன். 2024/25இல் என் கணக்குப்படி வருமானம் 37 இலட்சம். ஆளுக்குரிய விடுவிப்பு 12 இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 25 இலட்சம், அதற்கு வரி 450,000. முந்திய ஆண்டை வைத்துப் போட்ட மதிப்பீட்டின்படி காலாண்டுக்கு 30,000 வீதம் நான்கு தடவையும் பிந்தாமல் கட்டினேன், அது 120,000. மிச்ச 330,000தான் 2025 செப்ரெம்பர் 30இல் கட்டியிருக்க வேண்டியது.

அந்த 37 இலட்சத்தில் 31 இலட்சம் இன்றுவரை என் கைக்கு வரவில்லை. தெற்கில் ஒரு மொத்த வியாபாரிக்குக் கடனுக்கு அரிசி அனுப்பினேன். மூன்று வருடமாகக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர், முதல் இரண்டு வருடமும் ஒரு சதம் பிசகவில்லை, அதனால்தான் லொறி லொறியாக ஏற்றிவிட்டேன். என் கணக்காளர் விற்ற அன்றே வருமானமாகப் பதிகிற முறையில் கணக்கு வைத்திருந்தார். சட்டப்படி சரிதான். காசு கையில் வந்தபிறகு பதிகிற முறை என் போன்ற தனிநபருக்கும் உண்டு என்பதே எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது, அது என் அறியாமை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆக, ஏட்டில் இலாபம் நிற்கிறது, கல்லாவில் காசு இல்லை. வரி ஏட்டைப் பார்த்துத்தான் வரும், அதுவும் நியாயம்தான்.

2025 யூலையில் அந்த வியாபாரி தந்த மூன்று காசோலைகளை வைப்பிலிட்டேன். மூன்றும் 'பணம் போதாது' என்ற துண்டோடு திரும்பின. அந்தத் துண்டுகளைப் பார்த்தபடி வங்கி வாசலில் அரை மணித்தியாலம் நின்றிருப்பேன், காவலாளி வந்து 'தண்ணி குடிக்கிறியளா அண்ணை' என்று கேட்டார். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன், பொலிசிலும் முறைப்பாடு இருக்கிறது. அவருடைய கைப்பேசி இப்போது அடிப்பதே இல்லை. அந்தப் பணம் எப்போதாவது வரலாம், வராமலும் போகலாம், அதை நம்பி உங்களுக்கு நான் திகதி சொல்லமாட்டேன்.

செப்ரெம்பரில் கட்டாமல் விட்டதற்குக் காரணம் இதுதான். அப்போதே உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் விட்டுவிட்டேன், ஒரு மாதத்தில் சமாளித்துவிடலாம் என்ற நினைப்பும் இருந்தது. வருமான விபரத்திரட்டை மட்டும் நவம்பர் 21ஆந் திகதியே இணையத்தில் அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை டித்வா புயல் வந்தது. இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தால் கனகராயன் ஆற்றுத் தண்ணீர் முதலில் வருவது எங்கள் பக்கம்தான், அது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் நெல் மூடைகளை எப்போதும் நிலத்திலிருந்து ஒரு அடி உயர மரப்பலகை மேல்தான் அடுக்குவோம். இம்முறை களஞ்சியத்துக்குள் இரண்டரை அடி. அடியில் இருந்த மூன்று வரிசை முழுக்க நனைந்தது, 180 மூடை, மூடை 65 கிலோ. அத்தனையும் சிறுபோக நெல், விலை ஏறட்டும் என்று வைத்திருந்தது. தண்ணீர் வடிந்து ஐந்தாம் நாள் ஒரு மூடையைப் பிடித்துத் தூக்கினேன், அடிப்பக்கம் அடுப்படிக் கல் மாதிரிச் சூடு. சாக்கின் இழைகளுக்கிடையில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அப்புறம் அது அரிசிக்கு ஆகாது. கிலோ 115 கொடுத்து வாங்கிய நெல்லைக் கோழித் தீவனத்துக்கு 30 ரூபாவுக்குத் தள்ளினேன், அதில் மட்டும் 10 இலட்சத்துக்குக் கிட்ட நட்டம். ஆலை மோட்டருக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது, வைண்டிங் செய்ய 85,000 ஆனது. மின்சாரம் வந்தும் மூன்று கிழமை ஆலை ஓடவில்லை. இருப்புக்குக் காப்புறுதி எடுத்திருக்கவில்லை. எடுத்திருந்தால் நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

கிராம அலுவலரின் உறுதிக் கடிதமும், பிரதேச செயலகத்தில் பதிந்த சேத விபரமும், நனைந்த மூடைகளின் படங்களும் இணைத்திருக்கிறேன்.

அந்த 31 இலட்சத்தையும் வெள்ள நட்டத்தையும் 2025/26 கணக்கில் காட்டலாம், அதற்குப் பிறகும் மிஞ்சும் நட்டத்தை வருகிற ஆறு ஆண்டுகளுக்குக் கொண்டு போகலாம் என்று கணக்காளர் விளக்கினார். சரி, அது பின்னுக்குள்ள கதை. இந்த நிலுவையை அது குறைக்காது என்பதும் எனக்கு விளங்குகிறது.

இனி எப்படிக் கட்டுவேன் என்பது. சொந்தமாக நெல் வாங்க இப்போது முதல் இல்லை, அதனால் தை மாதத்திலிருந்து கூலிக்குக் குற்றிக் கொடுக்கிறேன். வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் மாதம் சராசரி 130,000 வரும். மின்சாரம், இரண்டு வேலையாட்களின் சம்பளம், வங்கிக் கடன் 38,000, வீட்டுச் செலவு எல்லாம் போகச் சராசரியாக 32,000 அளவுதான் மிஞ்சும். மனைவியின் நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. சின்ன லொறி ஒன்று உண்டு. அதை விற்றால் உங்கள் கணக்கு நாளைக்கே முடியும், ஆனால் வயலில் இருந்து நெல் ஏற்ற அதுதான் எனக்குக் கை, அது போனால் கூலிக் குற்றலும் போய்விடும், பிறகு அடுத்த வருட வரிக்கும் வழியில்லை.

இந்தப் பக்கத்தில் காசு மாதா மாதம் ஒரே அளவில் வருவதில்லை. காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில், அந்த நெல்லைக் குற்றிக் கூலி கைக்கு வர ஏப்ரல், மே ஆகும். சிறுபோகம் ஓகஸ்ட், செப்ரெம்பர். இடையில் ஆலை வாசலில் நாய்தான் படுத்திருக்கும். எல்லா மாதமும் ஒரே தொகை போட்டால் யூலையில் நான் தவறிவிடுவேன், அது உங்களுக்கும் எனக்கும் வீண் தொல்லை. அதனால் இப்படிக் கேட்கிறேன்: 2026 ஏப்ரல், மே மாதங்களில் 45,000 வீதம், யூன், யூலை, ஓகஸ்ட்டில் 20,000 வீதம், செப்ரெம்பர், ஒக்ரோபரில் 45,000 வீதம், நவம்பர், டிசெம்பர், 2027 ஜனவரியில் 20,000 வீதம், பெப்ரவரியில் 30,000, மார்ச்சில் 50,000. கூட்டிப் பாருங்கள், 380,000 வரும். ஒவ்வொரு மாதமும் 25ஆந் திகதிக்கு முன் கட்டுவேன். கட்டும் காலத்தில் மீதிக்கு ஏறுகிற வட்டியை நீங்கள் கணக்குப் பார்த்துச் சொன்னால் 2027 ஏப்ரலில் தனியாகக் கட்டி முடிக்கிறேன். இடையில் அந்த 31 இலட்சத்தில் ஏதாவது வந்தால், வந்த கிழமையே முதலில் உங்களுக்குத்தான்.

ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் ஒன்றாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது தெரியும், அதை ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன். நீங்கள் தீர்மானிக்கும்வரை என் வங்கிக்கு அறிவித்தல் அனுப்பிக் கணக்கில் இருப்பதை எடுக்காமல் இருந்தால் பெரிய உதவி. அந்தக் கணக்கில்தான் வேலையாட்களின் சம்பளமும் மின்சாரக் கட்டணமும் போகிறது, அது நின்றால் ஆலை நிற்கும்.

தண்டப்பணம் 66,000ஐப் பற்றி ஒரு சொல். வேண்டுமென்று ஏய்த்தவன் அல்ல நான், விபரத்திரட்டில் எதையும் மறைக்கவில்லை, வராத காசைக்கூட வருமானமாகக் காட்டித்தான் இந்த வரியே வந்திருக்கிறது. அதில் ஏதாவது விட்டுக்கொடுக்க உங்கள் அதிகாரத்தில் இடம் இருந்தால் பாருங்கள். இல்லை என்றாலும் மேலே சொன்ன தவணை மாறாது.

2010இல் மீளக்குடியேறி வந்தபோது இந்த இடத்தில் அப்பாவின் பழைய ஆலையின் அத்திவாரம் மட்டும்தான் இருந்தது. அதன் மேல் தகரம் போட்டுத் தொடங்கினோம். அந்தக் கதையைச் சொல்லி இரக்கம் தேட வரவில்லை, ஆலையை விட்டுவிட்டு ஓடுகிற ஆள் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதினேன்.

நேரில் வந்து பேச வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், காலை பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன். தமிழில் பதில் தந்தால் எனக்கு வசதி.

இணைத்தவை: உங்கள் அறிவித்தலின் பிரதி (வரி செலுத்துநர் அடையாள எண் அதில் மேலே இருக்கிறது), 40,750 ரூபா கட்டிய பற்றுச்சீட்டு, திரும்பிய மூன்று காசோலைகளும் வங்கித் துண்டுகளும், சட்டத்தரணியின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம அலுவலர் கடிதம், சேத விபரம், படங்கள், கடைசி ஆறு மாத வங்கிக் கூற்று, என் சொத்து, கடன் விபரம் ஒரு தாளில்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,

க. தவநேசன்
உரிமையாளர்