ஒன்பதாம் பாடம்: பதிவைப் பார்த்து எழுதிய சுருக்கம்

பெருமாள்புரத்தில் புறப்பட்டு, முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை வழியாகத் திருநெல்வேலிச் சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலம் வரை சென்று திரும்பிய நேற்றைய கார் ஓட்டும் பாடத்தின் 52 நிமிடப் பதிவை இருமுறை பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். குறித்துள்ள நிமிடங்களில் பதிவை நிறுத்திப் பார்த்தபடி வாசியுங்கள்.

கண்ட பிழைகள்

முதன்மையான பிழை, அருகில் அமர்ந்திருந்த எனக்கே தெரியாமல் போனது; சாலையைக் கவனித்துக்கொண்டிருந்ததால் உங்கள் கண்களை நான் பார்க்கவில்லை. உள்பக்கக் கேமராவில் அது தெளிவாகத் தெரிகிறது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நீங்கள் குனிந்து கியர் கம்பியைப் பார்க்கிறீர்கள். 14ஆம் நிமிடத்தில், வண்ணார்பேட்டையில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குச் செல்லும்போது பார்வை கீழே இறங்க, இடது கை கியரில் இருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்த வலது கை மட்டும் தன்னையறியாமல் இழுத்ததால் வண்டி வலப்புறம் ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது அதற்காகத்தான். 23, 31ஆம் நிமிடங்களிலும் இதே நிலைதான்.

இண்டிகேட்டரைத் திரும்பும்போதே போடுகிறீர்கள். முதலில் கண்ணாடி, அடுத்து இண்டிகேட்டர், அதன் பிறகே ஸ்டியரிங் என்ற வரிசை மாறக்கூடாது.

முன்னேற்றம்

மேம்பாலத்தின் ஏற்றத்தில் போக்குவரத்து நின்றபோது வண்டி இரண்டு முறை அணைந்து, சற்றுப் பின்னால் உருண்டது. ஆனால் 27ஆம் நிமிடத்தைப் பாருங்கள்: ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் சத்தம் தணிந்து வண்டியின் முன்பக்கம் லேசாக நிமிரும் வரை காத்திருந்து, அதன் பிறகே பிரேக்கை எடுத்தீர்கள், வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாமலே நீங்களாகச் செய்தது இது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. போன வாரம் வரை கிளட்ச் மீதே வைத்திருந்த கால் இப்போது ஓரமாக ஓய்வெடுக்கிறது. ரிவர்ஸும் நேராகி வருகிறது.

டெஸ்டுக்கு முன் பயிற்சி

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடியே தினமும் பத்து நிமிடம் கிளட்சை மிதித்துக் கியரை மாற்றிப் பழகுங்கள். வேறு எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். ஓட்டிப் பழகுவதானால் உரிமம் உள்ள உங்கள் அண்ணன் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும். கை சைகைகளையும் சாலைக் குறியீடுகளையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

எல்.எல்.ஆர். எடுத்து 41 நாள் ஆகிறது. டெஸ்டுக்குத் தேவையான 30 நாள் கடந்துவிட்டதாலும் அது ஆறு மாதம் செல்லும் என்பதாலும் அவசரம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை காலை 6 மணிக்கு அதே மேம்பாலத்தில், கீழே பார்க்காமல் ஒரு முறை ஏறி இறங்கிய பிறகு டெஸ்ட் தேதியை உறுதிசெய்வோம்.