வகுப்பு முடிவுச் சீட்டு: கடல்நீர், தெவிட்டிய கரைசல், பாத்தியில் விளையும் உப்பு

பத்தாம் வகுப்பு, அ மற்றும் ஆ பிரிவுகள். அறிவியல், கரைசல்கள். பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களில் எழுத வேண்டியது.

மாணவர்களுக்கு

இது தேர்வு அன்று. இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. உங்கள் வரிசை எண்ணை மட்டும் மேல் மூலையில் எழுதுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் 'உறுதி', 'சந்தேகம்', 'ஊகம்' என்ற மூன்றில் ஒன்றை எழுத மறக்க வேண்டாம். பக்கத்து மாணவரின் தாளைப் பார்த்து எழுதிய சரியான விடையைவிட, நீங்களே யோசித்து எழுதிய தவறான விடைதான் நாளைய வகுப்புக்கு எனக்குப் பயன்படும். கணக்குகளில் வெப்பநிலை 25 டிகிரி சென்டிகிரேடு என்றும், அந்த வெப்பநிலையில் 100 கிராம் நீரில் அதிகபட்சமாக 36 கிராம் சோடியம் குளோரைடு கரையும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி 1. 100 கிராம் நீரில் 20 கிராம் உப்பைப் போட்டுக் கலக்கினோம். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. பாத்திரத்தின் எடையைக் கழித்த பிறகு தராசு எவ்வளவு காட்டும்? 100 கிராமா, 120 கிராமா, இரண்டுக்கும் இடைப்பட்டதா? காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்.

கேள்வி 2. இன்று வகுப்பில் 100 கிராம் நீர் இருந்த கண்ணாடிக் குவளையில் 40 கிராம் உப்பைப் போட்டபோது, எவ்வளவு கலக்கியும் அடியில் சிறிது உப்பு தங்கிவிட்டதைப் பார்த்தீர்கள். "கல்லுப்புக்குப் பதிலாகத் தூள் உப்பைப் போட்டு, இரவு முழுவதும் கலக்கிக்கொண்டே இருந்தால் அதுவும் கரைந்துவிடும்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் எந்தப் பகுதி சரி, எந்தப் பகுதி தவறு? அடியில் தங்கிய உப்பு எத்தனை கிராம் இருக்கும்?

கேள்வி 3. "100 கிராம் நீரில் 36 கிராம் உப்பு கரைந்திருப்பதால், தெவிட்டிய உப்புக் கரைசலின் நிறை சதவீதம் 36" என்று ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அவருடைய வகுத்தலைத் திருத்தி எழுதுங்கள். அவர் எதை எதனால் வகுத்திருக்க வேண்டும் என்பதைச் சொற்களிலும் எழுதுங்கள்.

கேள்வி 4. இதற்கு மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டில் 100 கிராம் நீரும் 36 கிராம் சோடியம் குளோரைடும் சேர்ந்த தெவிட்டிய கரைசல் இருக்கிறது. அதை வெயிலில் வைத்ததில் 50 கிராம் நீர் ஆவியாகிவிட்டது. பிறகு தட்டை நிழலுக்குக் கொண்டுவந்து, மீண்டும் 25 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்தோம்.

(அ) இப்போது நீரில் கரைந்த நிலையில் எத்தனை கிராம் உப்பு இருக்கிறது?
(ஆ) தட்டின் அடியில் படிகமாக எத்தனை கிராம் உப்பு கிடக்கிறது?
(இ) மேலே நிற்கும் கரைசலில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தால், வெயிலில் வைப்பதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகக் கரிக்குமா, குறைவாகக் கரிக்குமா, அதே அளவுதான் கரிக்குமா?
(ஈ) தட்டின் படத்தை முன், பின் என இரண்டாக வரைந்து, உப்புத் துகள்களைப் புள்ளிகளாக வையுங்கள். முன் படத்தில் 36 புள்ளிகள் வைத்தால் பின் படத்திலும் 36 புள்ளிகள் இருக்க வேண்டும். அவற்றை எங்கே வைக்கிறீர்கள் என்பதைத்தான் நான் பார்க்கப் போகிறேன்.

கேள்வி 5. தனுஷ்கோடியில் காற்று வீசும் நாளில் சிறிது நேரம் கரையில் நின்றுவிட்டு உதட்டை நக்கிப் பார்த்தால் கரிக்கிறது. "அதனால் கடல்நீர் ஆவியாகும்போது உப்பும் அதோடு சேர்ந்துதான் போகிறது" என்று உங்கள் தம்பி சொல்கிறான். உதட்டில் உப்பு இருப்பது உண்மைதான். அவன் கண்டதை மறுக்காமல், அவன் சொன்ன காரணத்தை மட்டும் எப்படித் திருத்துவீர்கள்?

கேள்வி 6. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவை முழுவதும் சோடியம் குளோரைடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் முதல் உப்புப் படிகம் தோன்றுவதற்கு முன் அதிலுள்ள நீரில் ஏறத்தாழ எவ்வளவு ஆவியாகியிருக்க வேண்டும்? கால்பங்கா, பாதியா, பத்தில் ஒன்பது பங்கா? முதலில் கணக்குப் போடாமல் ஊகித்து எழுதுங்கள். அந்த ஊகத்தை அழிக்காமல், அதன் கீழே கணக்கைப் போடுங்கள்.

கேள்வி 7. உப்பு வாரும் பருவத்தில் எதிர்பாராமல் ஒரு கோடை மழை பெய்து பாத்தியில் தண்ணீர் நின்றுவிட்டது. கரை உடைந்து எதுவும் வெளியேறவில்லை. அடியில் சிறிது உப்பு கரையாமல் கிடக்கிறது. "அடியில் உப்பு கிடப்பதால் மேலே நிற்கும் நீர் தெவிட்டிய கரைசல்தான்" என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்றால், சொல்வதற்கு முன் என்ன செய்து பார்க்க வேண்டும்?

கேள்வி 8. இன்று நான் சொன்னவற்றுள் உங்களுக்கு இன்னும் ஒட்டாத ஒரு வாக்கியத்தை, நினைவில் இருக்கும் வடிவத்திலேயே எழுதுங்கள். 'ஒன்றுமில்லை', 'எல்லாம் புரிந்தது' என்ற விடைகளை ஏற்க மாட்டேன். வீட்டில் யாரேனும் உப்பளத்தில் வேலை பார்த்தால், அவரிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வியை அதற்குப் பதிலாக எழுதலாம்.

சீட்டுகளைப் படிக்கும் ஆசிரியருக்கு (மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்)

சென்ற ஆண்டு இதே பாடத்தின் முடிவில் "புரிந்ததா?" என்று கேட்டேன், "புரிந்தது சார்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. பிறகு வந்த தேர்வில், தெவிட்டிய கரைசலின் வரையறையைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதிய பலர், அதை வெயிலில் வைத்தால் 'இன்னும் அடர்த்தியாகும்' என்று அடுத்த கேள்விக்கு எழுதியிருந்தார்கள். அதனால்தான் இந்தச் சீட்டில் வரையறை எதையும் கேட்கவில்லை.

முதல் கேள்வியில் பெரும்பாலோர் தடுமாற மாட்டார்கள் என்று எதிர்பார்க்கிறேன். 120 என்று எழுதாதவர், கரைவதையும் மறைவதையும் ஒன்றாகக் கருதுகிறார். தராசை மேசையில் வைத்து அவரையே நிறுத்துப் பார்க்கச் சொன்னால் போதும். இரண்டாம் கேள்வியில் 4 கிராம் என்ற எண் சரியாக இருந்தும், தூளாக்குவது பற்றிய பகுதியை விட்டுவிட்டவர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். தூளாக்குவதும் கலக்குவதும் கரையும் வேகத்தைக் கூட்டுமே தவிர, கரையும் அளவைக் கூட்டாது என்ற வேறுபாடு அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவதற்கு விடை 36-ஐ 136-ஆல் வகுத்து வரும் 26.5 சதவீதம். கரைதிறனுக்கு 100 கிராம் கரைப்பானும், நிறை சதவீதத்திற்கு 100 கிராம் கரைசலும் அடிப்படை என்பதை இங்கே தவறவிட்டவர் ஆறாம் கேள்வியிலும் தவறவிடுவார். ஆகவே இவ்விரண்டு விடைகளையும் சேர்த்தே படியுங்கள்.

நான்காம் கேள்விக்காகத்தான் மற்ற கேள்விகளையே எழுதினேன் என்று சொன்னாலும் மிகையாகாது. மீதியுள்ள 50 கிராம் நீரில் 18 கிராம்தான் கரைந்திருக்கும். எஞ்சிய 18 கிராம் படிகமாகிவிடும். நிறை சதவீதம் அதே 26.5, கரிப்பும் அதே அளவுதான். (அ) பகுதிக்கு 36 என்று எழுதியவர் படிகம் உண்டானதையே கணக்கில் கொள்ளவில்லை. (அ), (ஆ) இரண்டுக்கும் 18 என்று சரியாக எழுதிவிட்டு, (இ) பகுதியில் 'அதிகமாகக் கரிக்கும்' என்று எழுதியவர்தான் நாம் முக்கியமாகத் தேடும் மாணவர். அவர் கணக்கைச் சூத்திரமாகப் போட்டுவிட்டார். நீர் குறைந்தால் கரிப்பு கூடும் என்ற பழைய எண்ணமோ அப்படியே இருக்கிறது. படத்தில் 36 புள்ளிகளையும் நீருக்குள்ளேயே நெருக்கி வைத்திருந்தால் இது உறுதியாகிவிடும். பக்கத்தில் 'உறுதி' என்றும் எழுதியிருந்தால், அந்தச் சீட்டை மேலே எடுத்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள், 'உப்பு படிந்த பிறகும் டிகிரி ஏறும்' என்று எழுதக்கூடும். அதைத் தவறு என்று அடித்துவிடாதீர்கள். உப்பளத்தில் டிகிரி என்பது வெப்பநிலையன்று, நீர்மமானி காட்டும் போமே அளவு. கடல்நீரில் அது 3 அல்லது 3.5 அளவில் தொடங்கும். 25-ஐ ஒட்டி சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். அதற்குப் பிறகும் அளவு ஏறிக்கொண்டுதான் போகும். மக்னீசிய உப்புகள் படியாமல் நீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே வருவதுதான் காரணம். அந்தக் கசப்பு நீரைத்தான் கடைசியில் வெளியேற்றுகிறார்கள். நம் கேள்வியில் சோடியம் குளோரைடு மட்டும் இருக்கிறது. பாத்தியில் பல உப்புகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை கண்டது உண்மை, கேள்வியின் தட்டுதான் வேறு. இதை வகுப்பில் அவரையே எழுப்பிச் சொல்லச் செய்யலாம்.

ஐந்தாம் கேள்வியில், அலை உடைந்து சிதறும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது என்ற விடை போதும். துளி வேறு, ஆவி வேறு. ஆறாவதற்கு, 965 கிராம் நீரில் ஏறத்தாழ 97 கிராம் எஞ்சும்வரை, அதாவது 868 கிராம் போகும்வரை, படிகம் தோன்றாது. 'பாதி' என்று ஊகித்துவிட்டு, கணக்கில் பத்தில் ஒன்பது பங்கு என்று கண்டு, இரண்டையும் அழிக்காமல் விட்டிருக்கும் சீட்டு கிடைத்தால் வகுப்பில் படித்துக் காட்டுங்கள். வரிசை எண்ணைச் சொல்ல வேண்டாம். ஏழாவதற்கு, மழைநீர் அடர்த்தி குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் தனி அடுக்காக நிற்கக்கூடும். நன்கு கலக்கிய பிறகும் அடியில் உப்பு எஞ்சினால் மட்டுமே தெவிட்டியது என்று சொல்லலாம். இது கடினமான கேள்விதான். யாரும் சரியாக எழுதாவிட்டாலும் நாளை அதற்காக நேரம் செலவிட வேண்டாம்.

நான்காம் கேள்வியின் (இ) பகுதியில் ஒரு பிரிவில் எட்டுப் பேருக்கு மேல் தவறியிருந்தால், நாளைய பாடத்தைத் தொடங்குவதற்கு முன் இரண்டு தட்டுகளில் தெவிட்டிய கரைசலை ஊற்றி, ஒன்றை மூடியும் ஒன்றைத் திறந்தும் வராண்டா வெயிலில் வைக்கலாம். உணவு இடைவேளைக்குப் பிறகு இரண்டையும் நிழலில் ஆறவைத்து, ஒவ்வொன்றின் தெளிநீரிலிருந்தும் 10 கிராம் எடுத்து வற்றக் காய்ச்சி, எஞ்சும் உப்பை மாணவர்களே நிறுக்கட்டும், இரண்டிலும் 2.65 கிராமை ஒட்டியே வர வேண்டும். தராசு ஆ பிரிவு அலமாரியில் இருக்கிறது. அதன் மின்கலத்தை நேற்றுதான் மாற்றினேன்.