தீபாவளி பாக்ஸ்: பனியன் கம்பெனி எச்ஆர், பர்ச்சேஸ் மேனேஜரிடம் பேச

(2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஆகஸ்ட் கடைசி வாரமே போன் போட ஆரம்பிக்கணும். இது திருப்பூரில் 1,200 பேர் வேலை பார்க்கும் ஒரு பனியன் கம்பெனியை மனசில் வைத்து எழுதியது. ஒப்பிக்க வேண்டாம், உங்க பேச்சிலேயே பேசுங்க. விலையும் தேதியும் மட்டும் ஒரு எழுத்து மாறக்கூடாது.)

முதல் போன். எச்ஆர் மேடத்துக்கு.

"வணக்கமுங்க மேடம். அவினாசியில இருந்து பேசறேன். ஸ்வீட்டும் காரமும் சொந்தமாப் போடற கடைங்க. தீபாவளி பாக்ஸ் விஷயமா ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா? ஷிப்மென்ட் டென்ஷன்ல இருந்தீங்கன்னா சாயங்காலம் கூப்பிடறேன்."

"இப்ப ஆர்டர் கேக்கலீங்க மேடம். போன வருஷம் பாக்ஸ் கொடுத்து முடிச்ச மறுநாள் உங்க டேபிளுக்கு என்ன கம்ப்ளைன்ட் வந்துச்சு? அது மட்டும் சொல்லுங்க."

(இதைக் கேட்டுட்டு வாயை மூடிக்கணும். அவங்க யோசிப்பாங்க, சிரிப்பாங்க, அப்புறம் சொல்லுவாங்க. எண்ணிக்கை பத்தலை, காரம் சிக்கு வாடை அடிச்சது, கான்ட்ராக்ட் ஆளுக்குக் கிடைக்கலை. பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான். சொல்றதை அப்படியே நோட்டில் எழுதிக்கோங்க. நேரில் போகும்போது அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்கணும்.)

"சரிங்க மேடம். அதுக்கு ஒரு வழியோட வர்றேன். வியாழக்கிழமை பதினொண்ணு மணிக்கு வரட்டுங்களா? பர்ச்சேஸ் சாரும் கூட இருந்தா ஒரே தடவையில முடிஞ்சிரும். சாம்பிள் நாலு பாக்ஸ் எடுத்துட்டு வர்றேன். ரெண்டு நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க, ரெண்டை டேபிள் டிராயர்லயே வச்சிருங்க. பத்து நாள் கழிச்சுத் திறந்து பாருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

நேரில். இருவரும் இருக்கும்போது.

(பாக்ஸோடு சின்னத் தராசையும் எடுத்துப் போகணும். பிரவுச்சரை நீட்ட வேண்டாம். பாக்ஸை அவங்க கையாலேயே திறக்க விடுங்க.)

"திறந்து பாருங்க சார். மைசூர்பாகு 200 கிராம், கடலை மிட்டாய் 100, மிக்சர் 150, ரிப்பன் பக்கோடா 150. மொத்தம் 600 கிராம். அட்டைப்பெட்டி எடை இதுல சேராது. தராசு இருக்குங்க, நீங்களே வச்சுப் பாருங்க."

(அவர் வைக்கிற வரை காத்திருங்க. 4, 5 கிராம் கூடத்தான் காட்டும். நாம அப்படித்தான் போடறோம். அதைப் பெருமையா எடுத்துச் சொல்ல வேண்டாம், தராசே சொல்லும்.)

"மைசூர்பாகை ரெண்டு விரல்ல அமுக்குங்க மேடம். பொடியாகுது, ஆனா கையில எண்ணெய் ஒழுகலை பாருங்க. ஒளிக்காம ஒண்ணு சொல்லிடறேன், இது முழு நெய் இல்லீங்க. நெய்யும் ரீபைண்ட் ஆயிலும் கலந்தது. லேபிள்லயும் அப்படித்தான் அடிச்சிருக்கு. இந்த விலைக்கு 'சுத்த நெய்'னு யாராவது சொன்னா லேபிளைத் திருப்பிப் பாருங்க. முழு நெய்யில வேணும்னா அதுவும் தர்றோம், விலை வேற.

பால்கோவா, பால் ஸ்வீட் எதுவும் வைக்கலீங்க. காரணம் இருக்கு. உங்க லைன்ல பீகார், ஒடிசா பசங்க எத்தனை பேரு? நானூறா? அவங்க பாக்ஸை வாங்கினதும் இங்க சாப்பிட மாட்டாங்க மேடம். பேக்கு அடியில வச்சு ரெண்டு மூணு நாள் ரயில்ல கொண்டு போய் அம்மா கையில கொடுப்பாங்க. பீகார் பசங்களுக்கு அடுத்த வாரமே சட் பூஜை வேற. அங்க திறக்கும்போது பால் ஸ்வீட் புளிச்சிருந்தா, அவன் வீட்டுல உங்க கம்பெனி பேருதான் அடிபடும், எங்க கடை பேரு யாருக்கும் தெரியாது. அதனால இதுல இருக்கிற நாலும், போட்ட தேதியில இருந்து 20 நாள் தாங்கற அயிட்டம். உள்ள இருக்கிற அட்டையில தமிழ், இந்தி, ஒடியா மூணுலயும் என்ன சாமான், எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு இருக்கும்.

கடலை மிட்டாயைப் பத்திக் கேப்பீங்க. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு. இது நாங்க அவினாசியில போடறது, அதனால அந்தப் பேரை இதுல போட மாட்டோம். அங்கத்ததுதான் வேணும்னா அங்கிருந்தே வரவழைச்சு வைக்கறோம், பாக்ஸுக்கு 12 ரூபாயும் அதுக்கான வரியும் கூடும்."

(இப்போ எண்ணிக்கை. இங்கதான் நம்ம ஆர்டர் நிக்கும், நிதானமா பேசுங்க.)

"மேடம், ரோல்ல 1,200 பேருன்னு சொன்னீங்க. செக்யூரிட்டி, கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், லேபர் கான்ட்ராக்டர் ஆளுங்க இதுல சேர்த்தியா? போன வருஷம் ஒரு கம்பெனிக்கு மஸ்டர் ரோல் எண்ணிக்கைக்குச் சரியா இறக்கிட்டோம். போனஸ் அன்னைக்கு சாயங்காலம் ஆறரை மணிக்கு போன். பேக்கிங் செக்ஷன்ல கான்ட்ராக்ட் ஆளுங்க 38 பேரு கேட்டுல நிக்கறாங்க, அவங்க கூடவே வேலை செஞ்சவங்க கையில பாக்ஸ் இருக்கு, இவங்க கை காலி. கடை ஷோகேஸ்ல இருந்த ஸ்வீட்டை அள்ளிப் பெட்டி கட்டி எட்டு மணிக்குக் கொண்டு போய் இறக்கினோம். பாதிப் பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நாங்களே ஒரு முறை வச்சுக்கிட்டோம். உங்க எண்ணிக்கைக்கு மேல நூத்துக்கு ரெண்டு, 1,200க்கு 24 பாக்ஸ், பில்லு போடாம ஸ்பேரா இறக்கிடுவோம். எடுத்ததுக்கு மட்டும் காசு. சீல் பிரிக்காம இருக்கறதை நவம்பர் 12க்குள்ள நாங்களே வந்து எடுத்துக்கறோம்.

பாக்ஸ் செக்ஷன் வாரியா கட்டி வரும். கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு ஒவ்வொரு கட்டு மேலயும் எண்ணிக்கை எழுதி ஒட்டியிருக்கும். சூப்பர்வைசர் எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டா போதும், உங்க ஆபீஸ்ல நின்னு யாரும் பிரிக்க வேண்டியதில்லை."

(ஸ்டாஃபுக்குப் பெரிய பாக்ஸ், லேபருக்குச் சின்ன பாக்ஸ் என்று கேட்டால்:)

"செஞ்சு தர்றோமுங்க. ஆனா என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, கேட்டைத் தாண்டும்போது எல்லார் கையிலயும் ஒரே பாக்ஸா இருக்கட்டும். ஸ்டாஃபுக்கு கூடக் கொடுக்கணும்னா அதைத் தனியா, வேற நாள்ல கொடுத்துக்கலாம்."

பர்ச்சேஸ் சாருக்கு, விலை.

"பாக்ஸ் 300 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் 15, ஆக 315. பேக்கிங், டெலிவரி, ஏத்துக்கூலி இறக்குக்கூலி எல்லாம் இதுலயே அடக்கம். 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி பாக்கெட் போட்ட காரத்துக்கு 12 சதவீதம் இருந்துச்சு, இப்ப அதுவும் 5தான். முழு நெய் பாக்ஸ்னா 350, வரியோட 367 ரூபாய் 50 காசு.

சார், பரிசாக் கொடுக்கற பொருளுக்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு பதினேழு அஞ்சுல தடுத்திருக்குன்னு உங்க ஆடிட்டரே சொல்லியிருப்பார். அதனால 300னு பட்ஜெட் போட்டுறாதீங்க, 315ம் செலவுதான். 1,200 பாக்ஸுக்கு 3,78,000. ஆர்டரோட 40 சதவீதம், 1,51,200. மிச்சம் டெலிவரி ஆகி 30 நாள்ல. நாங்க உத்யம் பதிவு பண்ணின சின்ன யூனிட்டுங்க. சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் எல்லை. 90 நாள் கிரெடிட் கேட்டீங்கன்னா எங்களால முடியாதுங்க, இப்பவே சொல்லிடறேன்."

("250க்கு முடிச்சுக் கொடுங்க" என்றால்:)

"முடியும் சார், ரிப்பன் பக்கோடாவை எடுத்துடறோம், 450 கிராம் பாக்ஸ், வரியோட 250. ஆனா இதே பாக்ஸை 250க்குக் கேட்டீங்கன்னா எண்ணெயிலதான் கை வைக்கணும். வந்துச்சுன்னு சொன்னீங்களே அந்தச் சிக்கு வாடை, அது அங்கிருந்துதான் வருது."

("பணமாவே கொடுத்துட்டுப் போறோம்" என்றால்:)

"போனஸ் பணம் எப்படியும் கொடுக்கறீங்க மேடம். இது அவங்க வீட்டு வாசல்ல கால் வைக்கும்போது கையில இருக்கறது."

(இதோட விட்டுடணும். மேலே இழுத்தா நாடகமாயிடும்.)

("வழக்கமா வாங்குற கடை இருக்கு" என்றால்:)

"அவங்ககிட்டயே வாங்குங்க சார். ஒரு செக்ஷன் மட்டும், 150 பாக்ஸ், எங்ககிட்ட கொடுத்துப் பாருங்க. விலை அதேதான்."

(பர்ச்சேஸ் சார் தனியா வெளியே கூப்பிட்டு, "எனக்கு என்ன செய்வீங்க" என்று கேட்டால். கேட்பாங்க. முகத்தை மாத்தாம, சிரிச்சுக்கிட்டே:)

"பில்லுக்கு வெளிய எங்ககிட்ட எதுவும் இல்லீங்க சார். ஓனர் அதைக் கிராமாத்தான் பாக்ஸ்ல போடச் சொல்லியிருக்கார்."

(ஆர்டர் போனாலும் போகட்டும். என்னிடம் வந்து சொல்லிட்டா போதும்.)

அன்று மாலையே வாட்ஸப்பில் அனுப்ப வேண்டியது.

வணக்கம் மேடம், சார். இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. பேசியதைக் குறித்து அனுப்புகிறேன்.

600 கிராம் பாக்ஸ், வரியோடு ₹315. உத்தேச எண்ணிக்கை 1,200, ஸ்பேர் 24. அட்வான்ஸ் ₹1,51,200. எங்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நகலும் ஜிஎஸ்டி, உத்யம் சான்றுகளும் இதோடு இணைத்திருக்கிறேன்.

ஆர்டரை செப்டம்பர் 30க்குள் உறுதி செய்தால் போதும். இறுதி எண்ணிக்கை, செக்ஷன் வாரியாக, ஆயுத பூஜை லீவு முடிந்து அக்டோபர் 21, புதன்கிழமை மாலைக்குள் வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

டெலிவரி இரண்டு தடவை. ஊருக்கு ரயில் ஏறுகிறவர்களுக்கான 400 பாக்ஸ் நவம்பர் 2, திங்கள் காலை. மற்றவை நவம்பர் 5, வியாழன் மதியம் இரண்டு மணிக்குள். இரண்டும் இறக்குவதற்கு முந்தைய இரண்டு நாளில் போட்ட சரக்காக இருக்கும், தேதி பாக்ஸில் அச்சிட்டிருக்கும். ரயில் டிக்கெட் 60 நாள் முன்பே போடுவதால், அவர்கள் எந்தத் தேதியில் கிளம்புகிறார்கள் என்பது செப்டம்பர் நடுவிலேயே உங்கள் சூப்பர்வைசர்களுக்குத் தெரிந்துவிடும். யாராவது 2ஆம் தேதிக்கு முன்பே கிளம்புவதாக இருந்தால் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள், அவர்களுக்கு முன்னாலேயே போட்டுக் கொண்டு வருகிறோம்.

டிராயரில் வைத்த இரண்டு பாக்ஸையும் பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரிப்பன் பக்கோடாவை முதலில் எடுத்துப் பாருங்கள், வாடை வந்தால் அதில்தான் முதலில் வரும்.