ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்க மாட்டோமா?

அன்புத் தங்கச்சிக்கு,

சூப்பர்வைசர் அண்ணன் சொன்ன பழமொழிக்கு என்ன அர்த்தம், அதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று நேற்று சாயங்காலம் சைட் ஆபீஸ் வாசலில் நீங்கள் கேட்டதற்கு நின்ற வாக்கில் பதில் சொல்ல மனம் வரவில்லை. உயர்நிலை நான்கு வரை தமிழ் படித்ததாகவும், வாசிக்க வரும், பேச வாயைத் திறந்தால்தான் ஆங்கிலம் முந்திக்கொள்கிறது என்றும் சொன்னீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். எம்ஆர்டியில் போகும்போது நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் அண்ணன் உங்களைக் கேலி செய்யவில்லை. மூன்றாம் மாடி ஸ்லாபை அடியில் தாங்கி நிற்கிற முட்டுகளைச் சனிக்கிழமையே எடுத்துவிடலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். அவர், “ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்க மாட்டோமாம்மா?” என்றார். பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். என்ன சொன்னார் என்று மேனேஜர் கேட்டதற்கு, “பொறுமையாக இருக்கச் சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவர் உடனே ஷெட்யூலைக் காட்டினார். அவர் காதில் அது “அப்புறம் பார்க்கலாம்” என்று வேலையைத் தள்ளிப்போடுகிற பேச்சாக விழுந்துவிட்டது. அண்ணன் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆக்குவது என்றால் சமைப்பது. இன்று குக்கரில் மூன்று விசில் வந்தால் சோறு. இந்தப் பழமொழி பிறந்த வீட்டில் அப்படியில்லை. விறகு பற்ற வேண்டும், உலை கொதிக்க வேண்டும், அரிசி வேக வேண்டும், பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிய வேண்டும். பசியோடு இருப்பவன் இத்தனைக்கும் காத்திருக்கிறான், குறை சொல்லாமல் காத்திருக்கிறான். கடைசியில் சோறு இலைக்கு வருகிறது, ஆவி பறக்கிறது. எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான், நாக்கு வெந்துபோகிறது. அதற்குப் பிறகு குழம்பு எப்படி இருந்தால் என்ன, ரசம் எப்படி இருந்தால் என்ன? ஒன்றும் ருசிக்காது. இன்னும் நாலு நிமிஷம் விசிறியிருந்தால் போதும், அவ்வளவு நேரம் காத்ததற்குப் பலன் கிடைத்திருக்கும்.

இந்தப் பழமொழி பொறுமை இல்லாதவனுக்குச் சொல்வதல்ல. பொறுமை உள்ளவன் என்று ஏற்கெனவே காட்டிவிட்டவனுக்குச் சொல்வது. “ஆக்கப் பொறுத்தவன்” என்று தொடங்கும்போதே, நீ காத்திருந்தாய், அதை நான் பார்த்தேன் என்கிற மரியாதை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் “ஆறப் பொறு” என்பது வருகிறது. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால் பாராட்டு போய்விடும், அறிவுரை மட்டும் மிஞ்சும். வெறும் அறிவுரை யாருக்குத்தான் பிடிக்கும்?

பள்ளியில் நீங்கள் படித்திருக்கக்கூடிய மற்றவற்றோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். “அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல” என்ற குறள் பொறையுடைமை அதிகாரத்தில் வருவது. நம்மை இகழ்கிறவர்களைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றியது. நேற்று இங்கே யாரும் யாரையும் இகழவில்லை. “பருவத்தால் அன்றிப் பழா” என்று மூதுரை சொல்வது, காலம் வராமல் மரம் பழுக்காது, நீ என்ன முயன்றாலும் அதற்குரிய நாள் வர வேண்டும் என்பதை. அது தொடக்கத்திலும் நடுவிலும் தவிக்கிறவனுக்கு ஆறுதல். நம் பழமொழிக்கு இடம் வேறு. காரியம் முடிந்ததுபோல் தெரிகிற, ஆனால் இன்னும் முடியாத அந்தக் கடைசிச் சிறு இடைவெளிக்காக மட்டும் சொன்னது. பொறுமையைப் பற்றி எத்தனையோ சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்த இடைவெளியை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த இன்னொன்று எனக்குத் தெரியாது.

அந்த இடைவெளியில்தான் நம் ஸ்லாப் இப்போது இருக்கிறது. 3ஆம் தேதி கான்கிரீட் போட்டோம். அதே கான்கிரீட்டில் வார்த்து 10ஆம் தேதி உடைத்துப் பார்த்த சோதனைக் கியூப் 29 எம்பிஏ பலம் காட்டியது. நமக்கு வேண்டியது 40. மேலே நடந்து பார்த்தால் கல்லாக இருக்கிறது, பக்கப் பலகைகளைக் கழற்றியாயிற்று, ஓரம் பளபளவென்று இருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் முடிந்தாயிற்று. உள்ளே சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகுவது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வழக்கமாக ஏழாம் நாளில் 28 நாள் பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். முட்டுகளை இப்போது உருவினால் ஸ்லாப் விழுந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. நடுவில் தொய்யலாம், அடியில் விரிசல் விடலாம். தொய்ந்த ஸ்லாபைத் திரும்ப நிமிர்த்த முடியாது. அதற்காகத்தான் 31ஆம் தேதி கியூப் ரிசல்ட்டைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவதாகப் பொறுப்புப் பொறியாளர் பி.இ. சொல்லியிருக்கிறார்.

இனி, யார் ஆக்கப் பொறுத்தது என்று பாருங்கள். அந்த ஸ்லாபுக்காக மழை விடட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது யார்? கான்கிரீட் போட்ட அன்று கடைசி லாரி ஜாமில் மாட்டிக்கொண்டபோது, வீட்டுக்குப் போகாமல் பூட்ஸில் சேறோடு நின்று, கான்கிரீட்டின் இளக்கம் சரியா என்று ஸ்லம்ப் பார்த்து வாங்கியது யார்? அண்ணன் அதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். கடைசி லாரியைக் கழுவி அனுப்பிய பிறகு டீ பாக்கெட்டை முதலில் உங்களிடம் நீட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் வாய்விட்டுப் பாராட்டுகிற ஆள் இல்லை. நேற்று அந்தப் பழமொழியின் முதல் பாதியில் பாராட்டிவிட்டார்.

இன்னொன்றும் உங்கள் காதில் விழாமல் போயிருக்கும். பழமொழியில் வழக்கமாக “பொறுத்தவன்” என்று வரும். அவர் “பொறுத்தோம்” என்றார். உங்களோடு தன்னையும் கம்பி கட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டார். முட்டுச் சாமான் இல்லாமல் நாலாம் மாடி வேலை நின்றால் அவருக்கும்தான் பேச்சு விழும். நீ காத்திரு என்று விலகி நின்று சொல்லவில்லை, சேர்ந்து காத்திருப்போம் என்றார். மேனேஜரிடம் சொல்லும்போது இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

சிரித்தார்களே என்கிறீர்கள். அந்தத் தம்பிகள் டார்மிட்டரியில் இருக்கிறவர்கள். மத்தியானம் அவர்கள் பிரிக்கிற கேட்டரிங் பொட்டலம் விடிவதற்கு முன்பே கட்டியது. அதில் ஆறுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் சொந்தச் சமையல். தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வாங்கி வந்து, பொதுச் சமையலறையில் அடுப்பு காலியாகக் காத்திருந்து, ஒருவர் வெங்காயம் நறுக்க ஒருவர் மசாலா வதக்கக் குழம்பு கொதிக்கும். இறக்கினதும் ஒருவன் கரண்டியை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “ஸ்... ஆ...” என்று குதிப்பான். வாராவாரம் யாராவது ஒருவன் குதிப்பான். அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னதும் போன ஞாயிறு குதித்தவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றதால் அது உங்களுக்குத் தெரியவில்லை.

இதை எங்கே சொல்லக்கூடாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால்தான் பழமொழி உங்கள் கைக்கு வரும். உலையே வைக்காத இடத்தில் சொல்லக்கூடாது. சம்பளம் தள்ளிப்போகிறவனிடம், பெர்மிட் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று தூக்கம் கெட்டிருப்பவனிடம் இதைச் சொல்வது கொடுமை. அவன் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சோறே இல்லை. ஆறுவதற்கு என்ன இருக்கிறது? அதேபோல் சாப்பிட்டு முடித்தவன் பசித்தவனிடம் சொல்லக்கூடாது. கூட உட்கார்ந்து அதே பானையிலிருந்து சாப்பிடப் போகிறவனுக்குத்தான் அந்த உரிமை. எனக்கு மேலே இருந்தவர்கள், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு இதே வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வார்த்தை அதேதான், ஆனால் கேட்டவர்களுக்கு வயிறு எரிந்தது. நம் அண்ணன் எப்போதும் அந்த வரம்பைத் தாண்ட மாட்டார்.

மேனேஜரிடம் திங்கள்கிழமை பேசப் போவதாகச் சொன்னீர்கள். சோறு, பானை, ஆவி எல்லாம் அவருக்குத் தேவைப்பட்டால் சொல்லுங்கள். பத்து விநாடிதான் ஆகும், அவரும் பசித்துச் சாப்பிட்ட மனிதர்தானே. “பொறுமை நல்லது” என்கிற மாதிரியான ஆங்கில வாசகம் எதையும் அதன் இடத்தில் வைக்காதீர்கள். வைத்தால் நேற்று நடந்ததேதான் திரும்பவும் நடக்கும். நானாக இருந்தால் இந்த அளவில் சொல்வேன், நீங்கள் உங்கள் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்:

“சார், சூப்பர்வைசர் அன்றைக்குச் சொன்னதை நான் பாதிதான் சொன்னேன். எங்கள் ஊரில் சமையல் முடியும்வரை காத்திருந்தவன், சோறு ஆறுவதற்குள் அள்ளிப் போட்டு வாயைச் சுட்டுக்கொள்வதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கஷ்டமான காத்திருப்பை நாம் எல்லாரும் சேர்ந்து முடித்துவிட்டோம், மிச்சம் இருப்பது சின்னது, அதில் அவசரப்பட்டால் முன்னால் காத்ததும் சேர்ந்து வீணாகும் என்பதுதான் அவர் சொன்னது. வேலையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. 31ஆம் தேதி ரிசல்ட் வந்ததும் எடுக்கலாம் என்கிறார்.”

தேதியோடு முடியுங்கள். ஆறுவதற்கு ஒரு கணக்கு உண்டு என்று தெரிந்துவிட்டால் ஷெட்யூல் பார்க்கிற மனிதருக்குக் கோபம் வராது. நாலாம் மாடிக்கு முட்டுச் சாமான் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஸ்டோரில் கேட்டிருக்கிறேன். விலை நாளைக்குள் சொல்கிறார்கள். அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்றும் கேட்டீர்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்ததும், “ஆறட்டும்ணே, இலை போட்டதும் கூப்பிடுங்க” என்று சொல்லுங்கள். திரும்பவும் சிரிப்பார்கள். இந்தத் தடவை நீங்களும் அவர்கள் பக்கம் திரும்பி நில்லுங்கள்.

அன்புடன்,
கியூசி அண்ணன்